பாட்டி வீட்டு ஜன்னலும் 1143 மில்லிமீட்டரும்

எங்கள் தெருவில் கிரில் பட்டறை வைத்திருப்பவரின் மகன் போன மாதம் ஒரு சாயங்காலம் லேப்டாப்போடு வந்தான். நான் கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவள். அவன் ஆட்டோகேட் கற்று ஆறு மாதம் ஆகிறது. பட்டறைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்திருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்தில் அவருடைய பாட்டி வீடு இருக்கிறது. அந்த வீட்டு ஜன்னலில் சுருள் சுருளாக ஒரு கிரில். கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டுக்கும் அதே வடிவம் வேண்டும் என்கிறார். கிரில்லைக் கழற்றிக் கொண்டுவர வழியில்லை. இந்தத் தம்பி போய் மொபைலில் போட்டோ எடுத்து வந்திருக்கிறான். நடுவில் மட்டும் பழைய டிசைனுக்குப் பதிலாக ஒரு பூ வேண்டுமாம். அதை வாடிக்கையாளரே நோட்டுத் தாளில் பென்சிலால் வரைந்து கொடுத்துவிட்டார்.

"படத்தை உள்ளே போட்டு, அளவு வச்சு, மேலயே வரைஞ்சுக்கலாம்னு சொன்னாங்கக்கா. போட்டேன். படத்தையே காணோம்."

பிளாஸ்கில் டீ இருந்தது. இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தோம்.

படம் எங்கும் போகவில்லை. `ATTACH` என்று அடித்து ஒரு படத்தைக் கொண்டுவரும்போது ஆட்டோகேட் அதன் நிஜ அளவை அறியாது. பல நேரம் படம் முழுவதும் ஒரே ஒரு யூனிட் அகலத்தில் வந்து உட்காரும். நம் வரைபடத்தில் ஒரு யூனிட் என்பது ஒரு மில்லிமீட்டர். ஜன்னல் முழுவதும் ஒரு மில்லிமீட்டருக்குள் சுருங்கிக் கிடந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்? `ZOOM` அடித்து `E` கொடுத்ததும் திரை நிறைய ஜன்னல் வந்தது. தம்பி முகத்தில் வெளிச்சம். ஒரு விஷயம், வரைபடத்தில் வேறு கோடுகள் இருந்தால் இந்த `E` எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், படம் மூலையில் புள்ளியாகவே நிற்கும். அதனால் படம் கொண்டுவரும் வேலையைப் புதுக் கோப்பில் தொடங்குவதே நல்லது. `UNITS` அடித்து மில்லிமீட்டர் என்று வைத்துவிட்டு, கோப்பை ஒரு போல்டரில் சேமித்து, போட்டோவையும் அதே போல்டரில் போட்டபிறகுதான் `ATTACH`. போல்டரை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது அளவு. தம்பி போட்டோ எடுக்கும்போது ஜன்னலுக்குக் கீழே சுவரில் டேப்பை விரித்து ஒரு மீட்டரைக் காட்டியிருந்தான். நல்ல யோசனை. அந்த ஒரு மீட்டரைத் திரையில் 1000 ஆக்க வேண்டும். அதற்கு `SCALE` கட்டளையில் `Reference` என்று ஒரு வழி இருக்கிறது. எத்தனை மடங்கு என்று நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரைக்கும் உள்ளது இத்தனை ஆகட்டும்" என்று சொன்னால் போதும்.

இங்கே எல்லோரும் நேராகப் படத்தின் மேலேயே சொடுக்கத் தொடங்குவார்கள். படத்துக்குள் இருக்கும் எதையும் ஆட்டோகேட் பிடித்துக் கொடுக்காது. கோட்டின் முனையைக் காந்தம் மாதிரி பிடிக்கும் ஸ்நாப்புக்குப் படத்தில் பிடிக்க ஒன்றுமில்லை, அது வெறும் நிறப்புள்ளிகள். அடிப்புள்ளிக்கு ஒரு தரம், அளவின் தொடக்கத்துக்கு மறுபடி ஒரு தரம் என்று ஒரே இடத்தை இரண்டு முறை கண்ணாலேயே குறிக்கும்போது கை நகர்ந்துவிடும். அதனால் நான் முதலில் ஒரு கோடு போடுவேன். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, டேப்பின் பூஜ்ஜியத்திலிருந்து 1000 வரைக்கும் சாதாரண `LINE`. பிறகு படத்தையும் கோட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு அந்தக் கோட்டின் முனைகளைப் பிடித்து அளவு மாற்றுவேன். வரிசை இப்படிப் போகும்:

```
SCALE
Select objects:
Specify base point:
Specify scale factor or [Copy/Reference]: R
Specify reference length <1.0000>:
Specify second point:
Specify new length or [Points] <1.0000>: 1000
```

அடிப்புள்ளி கோட்டின் இடது முனை. `R` கொடுத்தபின் மறுபடி அதே இடது முனை, அப்புறம் வலது முனை. கடைசியில் 1000. அவ்வளவுதான், கோடும் படமும் சேர்ந்து பெரிதாகிவிடும். படம் மறுபடி திரையைவிட்டு ஓடிப்போன மாதிரி இருக்கும், `ZOOM` `E` கொடுத்தால் வந்துவிடும். அந்தக் கோட்டை அழிக்காமல் தனி லேயரில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த அளவை நம்பி இந்தப் படம் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டு வாரம் கழித்துச் சந்தேகம் வந்தால் `DIST` அடித்துப் பார்க்கலாம்.

தம்பி செய்தான். டேப்பின் ஒரு மீட்டர் மிகச் சரியாக 1000 காட்டியது. அடுத்து, கிரில்லின் அகலத்தை அளந்து பார் என்றேன். 1143 வந்தது.

"நேர்ல அளந்தப்ப 1200 இருந்துச்சேக்கா." பாக்கெட்டிலிருந்து சிறு நோட்டை எடுத்துக் காட்டினான். 1200 அகலம், 1350 உயரம். அவனே எழுதியது. 57 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று தெரியாமல் கோட்டை அழித்து மறுபடி போட்டான். மறுபடியும் 1143.

சொடுக்கியதில் தவறில்லை. உயரத்தையும் அளக்கச் சொன்னேன். 1286. அகலம் எந்த விகிதத்தில் குறைந்ததோ உயரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைந்திருக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறைந்தாலோ கூடினாலோ எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, அளவுகோல் எங்கே இருந்தது என்பதுதான். அவன் டேப்பைப் பிடித்தது சுவரின் வெளிமுகத்தில். கிரில் இருப்பது சட்டத்துக்குள்ளே, சுவர் முகத்திலிருந்து ஒரு 75 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி. நின்றது எவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். திண்ணையில் இடமில்லை, ஒன்றரை மீட்டர்தான் இருக்கும் என்றான்.

கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. கேமராவுக்கு டேப் 1500 மில்லிமீட்டர் தூரத்தில், கிரில் 1575 தூரத்தில். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும். 1200ஐ 1500ஆல் பெருக்கி 1575ஆல் வகுத்தால் 1143. ஒரு சாண்கூட இல்லாத அந்தப் பள்ளம் இரண்டு அங்குலத்துக்கு மேல் விழுங்கிவிட்டது. நாலு மீட்டர் தள்ளி நின்று எடுத்திருந்தால்? 1178 வந்திருக்கும். பிழை குறைந்திருக்கும், போயிருக்காது. போக வேண்டுமானால் அளவுகோல் எந்தத் தளத்தில் இருக்கிறதோ அதே தளத்தில் நாம் வரையப்போகும் பொருளும் இருக்க வேண்டும். கிரில்லை வரைவதானால் டேப்பைக் கிரில் கம்பியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இன்னும் நல்லது, கிரில்லின் சட்டத்தையே அளவுகோலாக வைப்பது. 1200 என்று கையால் அளந்திருக்கிறானே, அதைவிட வேறென்ன வேண்டும்?

நீளமான அளவை எடுத்துக்கொள்வதில் இன்னொரு லாபமும் உண்டு. எவ்வளவு கவனமாகச் சொடுக்கினாலும் இரண்டு முனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போகும் என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்துப் படத்தை அளவாக்கினால் அந்த ஒரு மில்லிமீட்டர், 1200 அகலத்துக்குப் போகும்போது எட்டாகிவிடும். 1200ஐயே அளவாக வைத்தால் அது ஒன்றாகவே நிற்கும். சின்ன அளவை வைத்துப் பெரியதை வரையக் கூடாது, பெரிய அளவை வைத்துச் சின்னதை வரையலாம்.

சரி, அப்படியானால் கிரில் அகலத்தையே 1200 ஆக்கிவிட்டால் தீர்ந்ததா? அடிச்சட்டத்தைப் பிடித்து 1200 ஆக்கினோம். மேல்சட்டத்தை அளந்தால் 1164. ஜன்னல் மேலே ஒடுங்கியிருக்கிறது. மொபைலை லேசாக அண்ணாந்து பிடித்து எடுத்த படம் இது. மேற்பக்கம் கேமராவுக்குத் தூரமாகிவிட்டது, அதனால் சிறுத்துவிட்டது.

இந்த வேலையில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். `SCALE` கட்டளை படம் முழுவதையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. நாம் கொடுத்த ஒரு அளவு மட்டும் உண்மையாகும். மற்ற அளவுகள் உண்மையா இல்லையா என்பது கேமராவைப் பிடித்த கையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். அதனால் ஒன்றை வைத்து அளவாக்கிவிட்டு இன்னொன்றை வைத்துச் சோதிக்க வேண்டும். அந்த இன்னொன்று குறுக்காக இருக்க வேண்டும். அகலத்தில் அளவாக்கினால் உயரத்தில் சோதனை. முடிந்தால் மூலைக்கு மூலையும். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலை பார்ப்பது போலத்தான். 1200க்கு 1350 சட்டம் என்றால் மூலைக்கு மூலை 1806 வர வேண்டும்.

பிழை எப்படி வருகிறது என்பதை வைத்தே காரணம் சொல்லிவிடலாம். அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் தவறினால் அளவுகோல் வேறு தளத்தில் இருந்திருக்கிறது. மேல் அகலமும் கீழ் அகலமும் ஒத்துப்போகவில்லையென்றால், அல்லது இடது உயரமும் வலது உயரமும் ஒத்துப்போகவில்லையென்றால், கேமரா சாய்ந்திருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மட்டும் தவறினால் யாரோ எங்கேயோ படத்தை இழுத்துவிட்டார்கள். காகிதத்தைப் படம்பிடித்து நேராக்கித் தரும் மொபைல் ஆப்களில் இது நடக்கும். அவை நாலு மூலையை வைத்துச் செவ்வகமாக்கும்போது விகிதத்தை ஊகிக்கத்தான் முடியும். நான்காவதாக ஒன்று உண்டு. மூலைகள் எல்லாம் சரியாக இருந்தும், சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்க்கோடு போட்டுப் பார்த்தால் நடுவில் சட்டம் வெளிப்பக்கம் வில் போல வளைந்திருக்கும். அது லென்ஸின் வேலை. பக்கத்தில் நின்று, அகல லென்ஸில், ஜன்னல் படச்சட்டத்தின் ஓரம் வரை வரும்படி எடுத்தால் வளைவு கூடும்.

"அப்ப இந்தப் போட்டோ வேஸ்டாக்கா?" என்றான்.

திரும்பப் போய் எடுக்க முடிந்தால் எடுப்பதுதான் சரி என்றேன். எதிர்த் திண்ணையில், வாசலில், எங்கே முடியுமோ அங்கே தள்ளி நிற்க வேண்டும். மூன்று நான்கு மீட்டராவது. மொபைலில் இரண்டு மடங்கு ஜூம் லென்ஸ் தனியாக இருந்தால் அதில் எடுக்க வேண்டும். மொபைலை ஜன்னலின் நடு உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டூலில் ஏறி நிற்பது இதற்காகத்தான். ஜன்னல் படத்தின் நடுவில், சுற்றிலும் கொஞ்சம் சுவரோடு இருக்க வேண்டும். சரியாகப் பிடித்திருக்கிறோமா என்பதைக் கம்பிகளே சொல்லும். பழைய கிரில்லில் இருப்பது சதுரக் கம்பி. நேர் எதிரே தள்ளி நின்றால் கம்பியின் முன்முகம் மட்டும் தெரியும். பக்கத்தில் நின்றால் இடப்பக்கக் கம்பிகளில் வலப்பக்க முகமும், வலப்பக்கக் கம்பிகளில் இடப்பக்க முகமும் சேர்ந்து தெரியும். 12 மில்லிமீட்டர் கம்பி ஓரத்தில் 14, 15 என்று அளவு காட்டினால் அதற்குக் காரணம் இதுதான். பக்கமுகத்தையும் கம்பியின் தடிமன் என்று நினைத்து வரைந்துவிடுவோம்.

இன்னொன்றும் சொன்னேன். போட்டோவை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, அங்கிருந்து இறக்கிய படத்தை வைத்து வரைய வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், கம்பியின் ஓரம் மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

ஆனால் பொள்ளாச்சிக்கு மறுபடி போக ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கையில் இருக்கும் படத்தைச் சரிசெய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். சாய்வினால் ஒடுங்கிய படத்தை ஆட்டோகேட்டுக்குள் நிமிர்த்த முடியாது, வெளியே நிமிர்த்திக்கொண்டு வர வேண்டும். இதற்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். அதில் `Perspective` கருவியை எடுத்து, திசையை `Corrective (Backward)` என்று வைக்க வேண்டும். படத்தின் நாலு மூலையில் நாலு பிடிகள் தோன்றும். அவற்றை இழுத்துக் கிரில் சட்டத்தின் நாலு மூலையில் வைக்க வேண்டும். இங்கே கவனம் தேவை. சுவரில் விட்ட திறப்பின் மூலையில் வைக்கக் கூடாது, அது வேறு தளம். கிரில்லின் சொந்தச் சட்டம், அதன் முன்முகம், வெளி மூலை. உறுதி செய்தால் கிரில் படம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு செவ்வகமாக நிற்கும்.

நிமிர்ந்துவிட்டது, ஆனால் சுருள்கள் எல்லாம் ஒல்லியாக உயர்ந்து தெரிந்தன. தம்பியே கண்டுபிடித்துவிட்டான். மொபைல் படம் 3க்கு 4 விகிதம். கிரில் அந்த விகிதத்துக்குள் இழுக்கப்பட்டுவிட்டது. 1200 அகலத்துக்கு உயரம் 1600 ஆகும், உண்மை 1350. இதற்குத்தான் இரண்டு அளவும் கையால் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது. `Scale Image` போய், அகலத்தையும் உயரத்தையும் பிணைத்திருக்கும் சங்கிலிக் குறியைத் திறந்துவிட்டு, அகலம் 2400 பிக்சல், உயரம் 2700 பிக்சல் என்று கொடுத்தோம். ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். `Export As` கொடுத்துப் படத்தைப் புதுப் பெயரில் JPG ஆகச் சேமித்து மறுபடி `ATTACH`. அடிச்சட்டத்தின் மேல் கோடு, 1200. இப்போது மேல்சட்டம் 1199, உயரம் 1351, மூலைக்கு மூலை 1806. கிரில் வேலைக்கு இது தாராளம்.

இந்தத் திருத்தம் அந்த ஒரு தளத்துக்கு மட்டும்தான். கம்பிக்கு முன்னால் புடைத்துக்கொண்டிருக்கும் பூவோ, பின்னால் இருக்கும் கதவோ இதில் சரியாகாது. தட்டையான பொருளுக்குத்தான் இந்த முறை முழுதாகப் பொருந்தும்.

இனி மேலே வரையும் வேலை. படத்தைத் தனி லேயரில் போட்டு அந்த லேயரைப் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு கோட்டை நகர்த்தும்போது படமும் நழுவும், நழுவியது தெரியவே தெரியாது. பூட்டும் முன்பே `DRAWORDER` கொடுத்துப் படத்தைப் பின்னால் தள்ள வேண்டும். அப்போதே படத்தின் ஓரத்தைத் தொட்டால் மேலே வரும் பட்டையில் `Fade` இருக்கிறது, அதை 50, 60க்கு ஏற்றினால் படம் வெளிறி நம் கோடு துலங்கும். ஓரத்தைத் தொட்டாலும் படம் தேர்வாகவில்லை என்றால் யாரோ `IMAGEFRAME` மதிப்பை 0 ஆக்கியிருப்பார்கள். அதை 2 ஆக்கினால் சட்டம் திரையில் தெரியும், பிரிண்டில் வராது.

தம்பி முதல் சுருளைத் தொட்டுத் தொட்டு நாற்பது துண்டுக் கோடுகளால் வரைந்துகொண்டு போனான். நிறுத்தச் சொன்னேன். பட்டறையில் அவன் அப்பா சுருளை வளைப்பது ஒரு மோல்டில். அந்தச் சுருள் மூன்று நான்கு வில்களால் ஆனது, ஒவ்வொன்றும் ஒரு ஆரம். `PLINE` எடுத்து, அதற்குள் `A` கொடுத்து வில்லுக்கு மாறி, கம்பியின் நடுவழியாக நாலே வில்லில் அந்தச் சுருளை முடிக்கலாம். பிறகு `OFFSET` கொடுத்து இருபக்கமும் 6, 6. தடிமன் 12 வந்துவிடும். கம்பியின் இரண்டு ஓரத்தையும் தனித்தனியாகத் தடவி வரைந்தால் தடிமன் ஓரிடத்தில் 11, ஓரிடத்தில் 13 என்று அலையும்.

அதேபோல் கிரில்லில் இருக்கும் பதினாறு சுருளையும் வரைய வேண்டாம். நடுவில் இருக்கும் ஒன்றை, படம் தெளிவாக இருக்கும் ஒன்றை வரைந்து மற்றதை `MIRROR` செய்ய வேண்டும். பழைய கைவேலையில் ஒரு சுருளுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். கண்ணாடிப் பிரதியை மற்ற சுருள்கள் மேல் வைத்துப் பார்த்தால் அது தெரியும். எல்லாப் பக்கமும் கலவையாக விலகினால் அது அந்தக் கால ஆசாரியின் கை. எல்லாச் சுருளும் ஒரே பக்கமாக விலகினால் படம் இன்னும் நேராகவில்லை என்று பொருள், திரும்பிப் போய் நாலு மூலையைப் பார்க்க வேண்டும். நடுவழிக் கோட்டைத் தொட்டு `LIST` கொடுத்தான். நீளம் 712. "அப்பா இந்தச் சுருளுக்குக் கம்பி எவ்வளவு வெட்டணும்னு கயிறு வச்சு அளப்பாருக்கா" என்றான். அந்தக் கயிற்றின் வேலையைத்தான் இந்த எண் செய்கிறது.

நடுவில் வரவேண்டிய பூ மிச்சமிருந்தது. நோட்டுத் தாளை ஸ்கேனரில் வைத்து எடுத்திருந்தான், அது நல்லது. ஸ்கேனர் கண்ணாடியில் தாள் தட்டையாகப் படியும், சாய்வுப் பிரச்சினை கிடையாது. பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் ஒரு தரம், குறுக்கே ஒரு தரம் வைத்து எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஜெராக்ஸ் கடையில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி எடுத்துக் கொடுத்திருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

ஆனால் கைப்படத்தில் வேறு ஒரு சங்கடம். பூவுக்கு அகலம் 300, உயரம் 200 என்று வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். தாளில் அவர் வரைந்திருப்பதோ 80க்கு 60. அகலத்தைப் பிடித்து 300 ஆக்கினால் உயரம் 225 வருகிறது. போட்டோவாக இருந்தால் நேரில் உள்ள பொருள்தான் உண்மை, படம் தவறு என்று சொல்லிவிடலாம். இங்கே பொருளே இல்லை. எழுதிய எண் ஒன்றைச் சொல்கிறது, வரைந்த கை ஒன்றைச் சொல்கிறது. கைப்படம் யாருக்கும் அளவுக்கு வராது, பொதுவாக எண்ணைத்தான் நம்ப வேண்டும். கோடு வடிவத்துக்கு, எண் அளவுக்கு. இருந்தாலும் படத்தை நாமாக 200க்கு நசுக்கினால் அவர் மனதில் இருந்த உருண்டை இதழ் தட்டையாகிவிடும். தம்பி அங்கேயே போன் போட்டுக் கேட்டான். "உயரம் சும்மா குத்துமதிப்பா எழுதினேங்க, இதழ் நான் வரைஞ்ச மாதிரியே உருண்டையா இருக்கட்டும்" என்றார் அவர். 225 என்று நோட்டில் குறித்துக்கொண்டான்.

80ஐ 300 ஆக்கும்போது எல்லாமே மூன்றே முக்கால் மடங்கு ஆகிறது. அரை மில்லிமீட்டர் பென்சில் கோடு கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும். அந்தக் கோட்டின் நடுவிலேயே போக வேண்டும், ஒரு இடத்தில் உள்ஓரம், ஒரு இடத்தில் வெளிஓரம் என்று தாவக் கூடாது. கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகும், அதைப் பின்தொடர வேண்டியதில்லை. பூவின் இடது பாதி அழகாக வந்திருந்தது, வலது பாதி சற்று ஊதியிருந்தது. இடது பாதியை மட்டும் வரைந்து மறுபக்கம் திருப்பிப் போட்டோம். நடுவட்டம் அவர் கையில் முட்டை வடிவில் வந்திருந்தது, `CIRCLE` போட்டுவிட்டோம். பூவை வரைந்து முடித்ததும் அந்த ஸ்கேன் படத்தை லேயரோடு அணைத்தோம்.

தம்பி கிளம்பும் முன் கோப்பை அப்பாவின் மொபைலுக்கு அனுப்பினான். பத்து நிமிடத்தில் போன். கிரில் தெரிகிறது, பின்னால் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டமும் அதற்குள் கோப்பின் பெயரும்தான் தெரிகிறது என்கிறார். போல்டரைப் பற்றி முதலில் சொன்னது இதற்குத்தான். ஆட்டோகேட் படத்தை வரைபடத்துக்குள் விழுங்கிக்கொள்வதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. வரைபடம் மட்டும் போனால் படம் நம் கணினியிலேயே தங்கிவிடும். இரண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்ப `ETRANSMIT` இருக்கிறது. வெட்டுகிறவருக்கு அனுப்புவதாக இருந்தால் படமே தேவையில்லை, `IMAGE` அடித்து வரும் பட்டியலில் படத்தின் பெயரைத் தொட்டு `Detach` கொடுத்துவிட்டுக் கோடுகளை மட்டும் அனுப்பலாம்.

அந்த ஞாயிறு அவன் பொள்ளாச்சிக்குப் போனான். போகும்போது ஒரு சுருளை மட்டும் ஏ4 தாளில் நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். `PLOT` பெட்டியில் `Fit to paper` குறியை எடுத்துவிட்டு, ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு யூனிட் என்று வைத்து, வந்த தாளில் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்த பிறகுதான் கொடுத்தேன். அதைக் கத்தரித்துப் பாட்டி வீட்டு ஜன்னல் சுருளின் மேலேயே ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். வளைவு முழுக்கப் படிகிறது, வால் நுனி மட்டும் மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது, அங்கே பெயின்ட் திரண்டு கட்டியாக நிற்கிறது, அதைக் கம்பி என்று நினைத்து வரைந்துவிட்டோம் என்றான். கடைசி வில்லைச் சுருக்கியபின் சுருள் நீளம் 709 ஆயிற்று.